“சரி சரி, பாத்துக்கலாம்”... இது தீர்மானமா?

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கக் கூட்டம் முடிந்ததும் செயலாளர் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் செல்போனில் பதிவான பாதிப் பேச்சுதான். ஆரம்பத்தில் பதிவு செய்ய மறந்திருப்பார்கள். நடுவில் ஓர் அழைப்பு வந்து பதிவு நின்றிருக்கும். அதை வைத்து மினிட்ஸ் எழுத உட்காரும்போதுதான் சிக்கல் தெரியும்.

ஒரு எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 24 வீடுகள், தரைத்தளத்தில் மட்டும் 4. லிஃப்ட் பழுதுபார்க்க 2,40,000 ரூபாய் வேண்டும். கூட்டம் மாலை 6 முதல் 7.30 வரை நடந்தது. பதிவில் இருப்பது 6.20 முதல் 7.05 வரைதான். அதைக் கேட்டுத் தட்டச்சு செய்ததில் ஒரு பகுதி:

குரல் 1: மூணு கொட்டேஷன் வந்திருக்கு. ரெண்டாவதுதான் கம்மி.
குரல் 2: எங்க வீடு கீழ இருக்கு. நாங்க ஏன் லிஃப்ட்டுக்குக் குடுக்கணும்?
குரல் 3: எல்லாரும் சமமா, வீட்டுக்குப் பத்தாயிரம் போட்டுடலாம்.
(பலர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள்)
குரல் 1: சரி சரி, பாத்துக்கலாம். அடுத்தது தண்ணி லாரி...

இதைப் படித்துவிட்டு, ‘வீட்டுக்கு 10,000 ரூபாய் வசூலிக்க ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று எழுதத்தான் கை போகும். ஆனால், தரைத்தளத்தாரை விட்டுவிட்டால் மற்ற 20 வீடுகளும் தலா 12,000 தர வேண்டும். யார் எவ்வளவு தருவது என்பதை ஒரு வரி மாற்றிவிடும்.

நம் பேச்சில் ‘சரி’ என்பதற்குப் பல அர்த்தம். ‘ஒப்புக்கொள்கிறேன்’, ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’, ‘போதும், நிறுத்துங்கள்’ எல்லாமே அதில் அடங்கும். ‘போட்டுடலாம்’ என்பது யோசனை, முடிவல்ல. ஒரு பேச்சைத் தீர்மானமாக எழுத மூன்று விஷயங்கள் பதிவில் தெரிய வேண்டும். என்ன முன்மொழியப்பட்டது, தலைமை வகித்தவர் அதைக் கூட்டத்தின் ஒப்புதலுக்கு வைத்தாரா, முடிவு என்ன என்று சொல்லப்பட்டதா? நம் எடுத்துக்காட்டில் முதலாவது மட்டுமே இருக்கிறது.

அடுத்து, யார் பேசியது? ‘குரல் அவர் மாதிரி இருக்கு’ என்று பெயர் போடக் கூடாது. பேச்சுக்குள்ளேயே சான்று தேட வேண்டும். குரல் 2 ‘எங்க வீடு கீழ’ என்கிறார். கையெழுத்துப் பதிவேட்டில் தரைத்தளத்திலிருந்து ஒருவர் மட்டும் வந்திருந்தால், அவர்தான் என்று கொள்ளலாம். இருவர் வந்திருந்தால், ‘தரைத்தள உறுப்பினர் ஒருவர்’ என்பதோடு நிறுத்த வேண்டும். மினிட்ஸில் எல்லோர் பெயரும் தேவையில்லை. முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், ஆட்சேபத்தைப் பதிவு செய்யச் சொன்னவர், வேலையை ஏற்றுக்கொண்டவர் ஆகியோர் பெயர்தான் முக்கியம்.

பதிவாகாத நேரத்தில் நடந்ததை வந்திருந்தவர்களிடம் கேட்கலாம். ஆனால் வாட்ஸ்அப் குழுவில் கேட்க வேண்டாம். முதலில் ஒருவர் சொன்னதையே மற்றவர்களும் நினைவுபடுத்திக்கொள்வார்கள். நாலைந்து பேரைத் தனித்தனியாகக் கேளுங்கள். அதில் ஆட்சேபித்தவரும் இருக்கட்டும். ‘சமமாப் பங்குன்னுதானே முடிவாச்சு?’ என்று கேட்டால், தலையாட்டல்தான் பதிலாகக் கிடைக்கும். ‘லிஃப்ட் செலவு பத்தி என்ன பேசி முடிச்சோம்?’ என்று கேட்டால் அவரவர் நினைவு வெளியே வரும்.

எல்லோரும் ஒரே பதில் சொன்னால், ‘கலந்துகொண்டவர்கள் கூறியபடி’ என்ற குறிப்போடு எழுதலாம். பதில்கள் முரண்பட்டால், எந்தப் பக்கம் அதிகம் பேர் என்று செயலாளர் எண்ணிப் பார்த்துத் தீர்மானம் உருவாக்கக் கூடாது. அது கூட்டத்தின் வேலை. அப்போது மினிட்ஸ் இப்படி இருக்கும்:

‘பொருள் 2: லிஃப்ட் பழுது. மூன்று கொட்டேஷன்கள் வந்திருப்பதாகவும், இரண்டாவது குறைவானது என்றும் தெரிவிக்கப்பட்டது. எல்லா வீடுகளும் சமமாக, தலா ரூ.10,000 தரலாம் என ஓர் உறுப்பினர் யோசனை கூறினார். தரைத்தள உறுப்பினர் ஒருவர் தங்கள் பங்கு குறித்துக் கேள்வி எழுப்பினார். இதன்மீது தீர்மானம் நிறைவேறியதாகப் பதிவில் இல்லை. கலந்துகொண்டவர்களின் நினைவும் வேறுபடுகிறது. அடுத்த கூட்டத்தில் முடிவுக்கு வைக்கப்படும். (ஒலிப்பதிவு 6.20 முதல் 7.05 வரை மட்டும்.)’

இந்த வரைவை நினைவு மங்குவதற்குள், இரண்டு மூன்று நாளில் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். ஒலிப்பதிவை அழிக்காதீர்கள். யாராவது திருத்தம் சொன்னால் வொயிட்னர் பூசாமல், பழைய வரி தெரியும்படி ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் இடுங்கள்.

அடுத்த கூட்டத்தில் மினிட்ஸை வாசித்து உறுதி செய்து, தலைவர் கையெழுத்திடுவார். அந்தக் கையெழுத்து, ‘நடந்தது இதுதான்’ என்பதற்கு மட்டுமே. எடுக்காத முடிவை அது எடுத்ததாக ஆக்கிவிடாது. அதனால் லிஃப்ட் கம்பெனிக்கு அட்வான்ஸ் தருவதும், வீடு வீடாகப் பணம் கேட்பதும் ஓட்டெடுப்புக்குப் பிறகுதான். அன்றைக்கு ஒவ்வொரு பொருள் முடிந்ததும், ‘இதுதான் முடிவு, ஆதரவு இத்தனை, எதிர்ப்பு இத்தனை’ என்று தலைவர் சத்தமாக ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். செல்போன் நின்றுபோனாலும் செயலாளரின் பேனா அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளும்.