சமாதானப் பத்திரம்: எந்த வரி செல்லும், எந்த வரி செல்லாது?

கணவன் மனைவிக்குள் சண்டை முற்றியதும் இரு வீட்டுப் பெரியவர்களும் கூடிப் பேசி, முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவது நம் பக்கம் வழக்கம்தான். நோட்டரி முத்திரையும் விழுந்துவிட்டால் இனி யாரும் மீற முடியாது என்று நம்புகிறார்கள். ஆனால் திருமணத்துக்குப் பின் போடும் இத்தகைய ஒப்பந்தத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், சொத்துச் சட்டங்கள், ஜீவனாம்சச் சட்டங்கள் எல்லாவற்றுக்கும் அது பதில் சொல்ல வேண்டும். அதனால் ஒரே பத்திரத்தில் ஒரு வரி செல்லும், அடுத்த வரி செல்லாமல் போகும்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். கணவர் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜவுளிக்கடை நடத்துகிறார். கடைக்கு முதல் போட மனைவியின் 40 பவுன் நகை விற்கப்பட்டது. ஸ்ரீரங்கத்தில் கணவர் பெயரில் ஒரு வீடு இருக்கிறது. சில மாதம் பிரிந்திருந்து மறுபடி சேரும்போது இப்படி எழுதுகிறார்கள்: வீடு இனி மனைவிக்கு, நகைக்குக் கணவர் பொறுப்பு, மீண்டும் பிரிய நேர்ந்தால் மாதம் 15,000 ரூபாய், அதற்கு மேல் மனைவி எதுவும் கேட்கக் கூடாது, மகன் தாயிடம் இருப்பான்.

முதலில் வீடு. 'வீடு மனைவிக்கு' என்று முத்திரைத்தாளில் எழுதியதாலேயே வீடு கைமாறிவிடாது. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்ட செட்டில்மெண்ட் பத்திரமாக எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பதிந்து மனைவி ஏற்றுக்கொண்ட பிறகு, அடுத்த சண்டையில் கணவர் தன்னிச்சையாக அதை ரத்து செய்ய முடியாது. சில நாள் கழித்து வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் பதிவு ஏறியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். வீட்டின் மேல் வங்கிக்கடன் இருந்தால் மட்டும் கவனம் தேவை. பெயர் மாறினாலும் வங்கியின் அடமான உரிமை அப்படியே இருக்கும்.

நகை விஷயத்தில் பத்திரம் வேறு விதமாக உதவுகிறது. சீதனம் மனைவியின் தனிச்சொத்து என்பதை உச்ச நீதிமன்றம் 1985இல் பிரதிபா ராணி வழக்கில் தெளிவாக்கிவிட்டது. ஆனாலும் நீதிமன்றங்களில் பெண்கள் திணறுவது, இன்ன நகை இத்தனை பவுன் என்று நிரூபிக்கும் இடத்தில்தான். எந்த நகை, என்ன எடை, எப்போது விற்றது, பணம் எதற்குப் போனது என்று கணவரே எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு பக்கம் பின்னாளில் வலுவான சாட்சி. 'நகைக்குப் பொறுப்பு' என்ற மொட்டை வரியால் அந்தப் பயன் கிடைக்காது.

மாதப் பணம் பற்றிய வரிதான் அதிகம் ஏமாற்றுவது. 1900ஆம் ஆண்டில் கல்கத்தா உயர் நீதிமன்றம் விசாரித்த ராஜலக்கி தேவி எதிர் பூத்நாத் முகர்ஜி வழக்கில், மனைவிக்குத் தனியே பணம் தருவதாகக் கணவர் எழுதிப் பதிவும் செய்திருந்தார். பிரதிபலன் இல்லாத வாக்குறுதி செல்ல வேண்டுமானால் அது பதிவாகியிருப்பதோடு, நெருங்கிய உறவினருக்கு இயல்பான அன்பினாலும் பாசத்தினாலும் தரப்பட்டதாகவும் இருக்க வேண்டும். அந்தப் பத்திரத்திலேயே இருவரின் சண்டை சச்சரவுகள் எழுதப்பட்டிருந்தன. இங்கே அன்பு எங்கே இருக்கிறது என்று கேட்ட நீதிமன்றம், பணம் கேட்ட மனைவியின் வழக்கை ஏற்கவில்லை.

எனவே பணம் தருவதாக எழுதினால், பதிலுக்கு மனைவி எதைத் தருகிறார், எதை விட்டுக்கொடுக்கிறார் என்பதும் பத்திரத்தில் இருக்க வேண்டும். அப்படி எழுதினாலும் 'மீண்டும் பிரிந்தால்' என்ற நிபந்தனை ஆபத்தானது. வருங்காலப் பிரிவுக்கு முன்கூட்டியே வழிசெய்யும் ஒப்பந்தத்தைப் பொதுக்கொள்கைக்கு விரோதமானது என்று நீதிமன்றம் தள்ளிவிடலாம். ஏற்கெனவே பிரிந்து வாழ்பவர்கள் போடும் ஒப்பந்தத்தை நீதிமன்றங்கள் அந்த அளவு சந்தேகத்தோடு பார்ப்பதில்லை.

'அதற்கு மேல் கேட்கக் கூடாது' என்ற வரி மனைவியைக் கட்டுப்படுத்தாது. கர்நாடகத்தைச் சேர்ந்த நாகேந்திரப்பா நாட்டிகர் வழக்கில், 8,000 ரூபாயை மொத்தமாக வாங்கிக்கொண்டு இனி ஜீவனாம்சமே கேட்பதில்லை என்று மனைவி சமரசம் செய்திருந்தார். பிறகு அவர் மீண்டும் ஜீவனாம்சம் கேட்டார். அந்த விட்டுக்கொடுப்பு பொதுக்கொள்கைக்கு விரோதம், அவர் கேட்பதற்குத் தடையில்லை என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வறுமையில் விடப்பட்ட ஒருவரின் கையெழுத்தைக் காட்டி அவர் வாயை அடைக்க முடியாது என்பது எனக்கு மிகச் சரியான தீர்ப்பாகவே படுகிறது.

மகனைப் பற்றிய வரியும் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. பெற்றோர் என்ன எழுதியிருந்தாலும், பிள்ளையின் நலனைத்தான் நீதிபதி பார்ப்பார். எழுதிய நாளில் நான்கு வயதாக இருந்த பையனுக்கு வழக்கு வரும்போது பன்னிரண்டு வயதாகியிருக்கலாம். அவனுடைய விருப்பத்தையும் கேட்பார்கள். மகனுக்குரிய ஜீவனாம்சத்தை விட்டுக்கொடுக்கவும் தாய்க்கு உரிமை இல்லை.

இன்னொன்று, நோட்டரி முத்திரை உள்ள தாள் நீதிமன்ற ஆணை ஆகாது. கணவர் பணம் தராவிட்டால் அந்தத் தாளை வைத்து மனைவி புதிதாக வழக்குப் போட வேண்டும். ஏற்கெனவே வழக்கு நடந்துகொண்டிருந்தால், அதே நிபந்தனைகளைக் குடும்ப நல நீதிமன்றத்தில் சமரச மனுவாகத் தாக்கல் செய்து தீர்ப்பில் சேர்க்கச் சொல்லலாம். அப்போது, தவணை தவறினால் புது வழக்கு தேவையில்லை. நேரடியாக நிறைவேற்று மனு போட்டாலே போதும்.