4,850 டாலர் பில்லுக்கு 4,810 வந்தது ஏன்?

கரூரில் மேஜை விரிப்புகள் தைத்து ஜெர்மனிக்கு அனுப்பும் ஒரு சிறு ஏற்றுமதியாளரை எடுத்துக்கொள்வோம். பில் 4,850 டாலருக்கு. வாங்கியவர் முழுத் தொகையையும் அனுப்பிவிட்டதாக வங்கி ரசீதோடு மெயில் போடுகிறார். கரூர் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்ததோ 4,810. மீதி 40 டாலர் எங்கே என்று இருவரும் மாறி மாறிக் கேட்டுக்கொள்கிறார்கள்.

இருவர் சொல்வதும் உண்மைதான். பணம் வழியில் குறைந்திருக்கிறது.

ஜெர்மன் வங்கியும் கரூர் வங்கியும் நேரடியாகப் பணம் மாற்றிக்கொள்வதில்லை. டாலரில் பில் போட்டால், விற்பவரும் வாங்குபவரும் அமெரிக்காவில் இல்லாவிட்டாலும் பணம் பெரும்பாலும் அமெரிக்க வங்கிகளின் கணக்கேடுகள் வழியாகத்தான் நகரும். இந்திய வங்கிகள் இதற்காக நியூயார்க்கில் உள்ள வங்கிகளில் டாலர் கணக்கு வைத்திருக்கின்றன. அதற்கு நாஸ்ட்ரோ கணக்கு என்று பெயர். ஜெர்மன் வங்கிக்கும் அங்கே அப்படி ஒரு கணக்கு இருக்கும். இரண்டும் வேறு வேறு வங்கிகளில் இருந்தால், நடுவில் இரண்டு இடைவங்கிகள் வந்துவிடும். ஒன்று 25 டாலரும் இன்னொன்று 15 டாலரும் கட்டணமாக எடுத்துக்கொண்டிருந்தால் 40 டாலர் கணக்கு சரியாகிவிடுகிறது.

இந்தக் கட்டணம் யார் தலையில் விழுகிறது என்பதை, பணம் அனுப்புபவர் வங்கிப் படிவத்தில் தேர்ந்தெடுக்கும் மூன்றெழுத்து முடிவு செய்கிறது. OUR என்றால் எல்லாக் கட்டணமும் அனுப்புபவருடையது. SHA என்றால் தன் வங்கியின் கட்டணத்தை மட்டும் அவர் தருவார். அதன் பிறகு வரும் பிடித்தமெல்லாம் பெறுபவருக்கு. BEN என்றால் அனுப்பும் வங்கியின் கட்டணம்கூடப் பெறுபவர் பணத்திலிருந்தே கழியும். பல வங்கிகளின் இணையப் பக்கத்தில் SHA முன்கூட்டியே தேர்வாகி இருக்கும். வாங்குபவர் அதை மாற்ற மாட்டார். மாற்ற வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

பில்லோடு போகும் மெயில்தான் அதைச் சொல்ல வேண்டிய இடம். கரூர்க்காரர் இப்படி எழுதலாம்: "பில் தொகை 4,850 அமெரிக்க டாலர். முழுத் தொகையும் எங்கள் கணக்கில் வந்து சேர வேண்டும். பணத்தை டாலராகவே அனுப்புங்கள். யூரோவாகவோ ரூபாயாகவோ வேண்டாம். கட்டணத் தேர்வில் OUR குறிப்பிடுங்கள். உங்கள் வங்கி, இடைவங்கிகளின் கட்டணம் உங்களுடையது. எங்கள் வங்கியின் கட்டணம் எங்களுடையது. பிடித்தத்தால் தொகை குறைந்தால் அந்த வித்தியாசம் அடுத்த பில்லில் சேரும்."

நாணயத்தைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ரூபாயாக மாற்றி அனுப்பும் வசதியை வாங்குபவர் தேர்ந்தெடுத்தால், மாற்று விகிதத்தை அவருடைய வங்கி வைக்கும். டாலராக வந்தால் கரூர் வங்கி மாற்றித் தரும். அங்கே விகிதம் பேசிப் பார்க்கலாம். ஒரு டாலருக்கு 50 பைசா வித்தியாசம் என்றாலே 4,850 டாலருக்கு 2,425 ரூபாய். இடைவங்கிக் கட்டணத்துக்காகச் சண்டை போடுபவர் பலரும் இதைக் கவனிப்பதில்லை.

கடைசி வரியும் அவசியம்தான். OUR குறிப்பிட்டும் சில நேரம் வழியில் உள்ள ஒரு வங்கி பிடித்தம் செய்துவிடும். அப்போது வாங்குபவரிடம் அவருடைய வங்கி அனுப்பிய ஸ்விஃப்ட் செய்தியின் நகலைக் கேட்க வேண்டும். MT103 என்ற பழைய வடிவத்தில் 71A என்ற இடத்தில் OUR, SHA, BEN எது என்று இருக்கும். 33B அனுப்பச் சொன்ன தொகை. வழியில் யாராவது பிடித்திருந்தால், இந்திய வங்கிக்கு வந்து சேர்ந்த செய்தியில் 71F அதைக் காட்டும். ஆகவே கரூர் வங்கியிடமும் அதன் நகலைக் கேட்க வேண்டும். புதிய வடிவத்தில் இதே மூன்று தேர்வுகள் DEBT, SHAR, CRED என்று வரும். ஜெர்மன் நகலில் SHA என்று இருந்தால் வங்கிமீது தவறில்லை, தேர்வுதான் மாறிப்போயிருக்கிறது.

40 டாலர்தானே என்று விட்டுவிடவும் முடியாது. சரக்கு ஏற்றுமதியில் ஷிப்பிங் பில்லில் காட்டிய மதிப்பும் வந்த பணமும் ரிசர்வ் வங்கியின் EDPMS என்ற கணினிப் பதிவில் பொருந்த வேண்டும். குறைந்தால், அது வங்கிக் கட்டணம் என்று வங்கிக்கு விளக்கம் தர வேண்டியிருக்கும். மேலே சொன்ன நகல்கள் அப்போது சான்றாகும்.

கட்டண விவரத்தை பில் அனுப்பும் நாள் வரை தள்ளிப்போடாமல், விலை சொல்லும் மெயிலிலேயே எழுதிவிடுவது நல்லது. OUR கட்டணம் தன் செலவு என்று தெரிந்தால் வாங்குபவர் விலையைப் பேசும்போதே அதைக் கணக்கில் கொள்வார். ஒப்புக்கொள்ளாவிட்டால், விற்பவர் அந்த 40 டாலரை விலையில் சேர்த்துக்கொள்ளலாம். ஏற்றுமதி செய்பவர்கள் அடுத்த பில்லுக்கு முன் தங்கள் வங்கிக்குப் போய், டாலருக்கான நாஸ்ட்ரோ வங்கியின் பெயர், ஸ்விஃப்ட் கோடு, உள்வரவுக் கட்டணம் மூன்றையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.