கால்நடை மருத்துவரின் பயோடேட்டாவை எப்படிப் படிப்பது?

எங்கள் பகுதி உழவர் குழு சார்பில் ஒரு சிறு கால்நடை மருத்துவமனை தொடங்க முடிவெடுத்து, சென்ற ஆண்டு ஜூலையில் மருத்துவர் தேவை என்று விளம்பரம் கொடுத்தோம். கேட்டது மூன்றுதான்: கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு, அறுவை சிகிச்சை அனுபவம், பெரிய கால்நடைகளைக் கையாளும் பழக்கம். வந்த விண்ணப்பங்களைப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. வங்கியில் கடன் விண்ணப்பம் படித்துப் பழகியவன் ஆயிற்றே! மற்ற ஊர்களிலும் நண்பர்கள் இப்படி மருத்துவரை அமர்த்த முயல்வதால், ஒரு விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு எப்படிப் படித்தோம் என்று சொல்கிறேன்.

அந்தத் தம்பியின் பயோடேட்டா பார்க்க நன்றாகவே இருந்தது. பி.வி.எஸ்சி. பட்டம், மார்ச் 2020. கவுன்சில் பதிவு, மே 2020. ‘6 ஆண்டு அனுபவம், 200-க்கு மேல் அறுவை சிகிச்சை, பெரிய, சிறிய கால்நடை இரண்டிலும் தேர்ச்சி’ என்று எழுதியிருந்தார்.

முதலில் பதிவு. இதை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்கக் கூடாது. 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்றவர்தான் கால்நடை மருத்துவம் பார்க்கலாம். சட்டம் கேட்கும் சான்றிதழ்களில் கையெழுத்துப் போடும் உரிமையும் அவருக்குத்தான். முதலுதவி போன்ற சிறு வேலைகளை மருத்துவரின் மேற்பார்வையில் மற்றவர்கள் செய்யலாம், அவ்வளவுதான். நமக்கு இது எங்கே வந்து இடிக்கும் தெரியுமா? காப்பீடு செய்த மாடு செத்துப்போனால், பிணப் பரிசோதனைச் சான்று இல்லாமல் இழப்பீடு கேட்க முடியாது. கையெழுத்துப் போட்டவரின் பதிவு செல்லாது என்றால், அந்தக் காகிதமே கேள்விக்குள்ளாகிவிடும். மாட்டுக் கடன் கோப்புகளைப் பார்த்த எனக்கு அதன் வலி தெரியும்.

பதிவில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, அது முழுப் பதிவா என்பது. படிப்பின் கடைசி ஒரு வருடப் பயிற்சிக் காலத்துக்குத் தற்காலிகப் பதிவு தருவார்கள். அதை வைத்துத் தனியாகத் தொழில் செய்ய முடியாது. இரண்டு, எந்த மாநிலக் கவுன்சிலில் பதிவு என்பது. வேறு மாநிலம் என்றால், நம் மாநிலத்துக்கு மாற்றிக்கொண்டாரா என்று கேட்க வேண்டும். மூன்று, புதுப்பித்தல். 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இந்தத் தம்பி இணைத்திருந்தது 2020-இல் வாங்கிய சான்று மட்டும். மே 2025-இல் அது புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். கேட்டோம், புதுப்பித்த சான்றை மறுநாளே அனுப்பிவிட்டார். அவர் அனுப்பியதோடு விடாமல், எண்ணைக் கவுன்சில் அலுவலகத்திலும் சரிபார்த்துக்கொண்டோம்.

பதிவுத் தேதி இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். 2020 மே மாதத்துக்குப் பிறகுதான் அவர் தனியாகத் தொழில் செய்திருக்க முடியும். அதன்படி எண்ணினால் 2025 ஜூலைக்கு 5 வருடம் சொச்சம்தான். 6 வருடம் எப்படி வந்தது? பயிற்சி வருடத்தையும் சேர்த்துவிட்டார். பலரும் இப்படி எழுதுவது வழக்கம், பெரிய குற்றமில்லை. ஆனால் படிக்கிற நாம் அதைக் கழித்துவிட வேண்டும்.

அடுத்து அறுவை சிகிச்சை. 200 என்ற எண்ணை அப்படியே விழுங்கக் கூடாது. இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: எந்த விலங்கு? யார் கையில் கத்தி இருந்தது? ‘அனுபவம் உண்டு’ என்ற சொல்லுக்குள் பார்த்தது, உதவியது, தானே செய்தது மூன்றும் ஒளிந்துகொள்ளும். பட்டியலாகப் பிரித்து எழுதித் தரச் சொன்னோம். மொத்தம் 204 என்று வந்தது. அதில் 168 நாய், பூனை. பெரும்பாலும் கருத்தடை அறுவை. நகரத்துச் செல்லப்பிராணி மருத்துவமனையில் இரண்டரை வருடம் இருந்தபோது செய்தவை. மீதி 36 மாடு, கன்றுகள். அதிலும் 14 பயிற்சிக் காலத்தில் பேராசிரியருக்கு உதவியாக நின்றது. தானே செய்தது 22: கொம்பு நீக்கம் 9, கன்றுகளின் தொப்புள் குடலிறக்கம் 8, கிழிந்த காம்புத் தையல் 4, வயிற்றைத் திறந்து கன்று எடுத்தது 1.

இருநூறு என்று பார்த்தது இருபத்திரண்டாகச் சுருங்கிவிட்டதே என்று குழுவில் ஒருவர் சலித்துக்கொண்டார். அப்படியும் சொல்லிவிட முடியாது. ரத்தக்கசிவைப் பிடிப்பது, சுத்தம் காப்பது, தையல் போடுவது எல்லாம் எந்த விலங்கிலும் கைக்கு வரும் பழக்கம்தான். ஆனால் நாயை முழு மயக்கத்தில் மேசையில் படுக்கவைத்து அறுப்பார்கள். மாட்டுக்குப் பெரும்பாலும் விலாப்பக்கத்தை மட்டும் மரக்கவைத்து, நிற்கவைத்தே செய்வார்கள். படுக்கவைத்தால் வயிறு உப்பி மூச்சை அழுத்தும். பாலிதீன் தின்ற மாட்டின் பெருவயிற்றை இடது விலாவில் திறக்கும் அறுவை அப்படிப்பட்டது. நம் ஊரில் அதிகம் தேவைப்படுவதும் அதுதான். மடிநோய்க்கு மூலிகை அரைத்துப் போடுகிற நாமும் இதற்குக் கத்தியைத்தான் நம்ப வேண்டும். தம்பியின் 22-இல் அது ஒன்றுகூட இல்லை. உதவிய 14-இல் 5 இருந்தது.

மூன்றாவது, பெரிய கால்நடைகளைக் கையாளுவது. இதைக் காகிதத்தில் அளக்க முடியாது; வேலை பார்த்த இடம்தான் சொல்லும். 2023 ஜனவரி முதல் ஒரு பால் நிறுவனத்தில் களமருத்துவராக இருந்திருக்கிறார். அதில் சினை ஊசியும் சினைப் பரிசோதனையும் மட்டும் செய்தாரா, ராத்திரி கன்று போட முடியாமல் தவித்த மாட்டுக்கும் போனாரா என்பதுதான் கேள்வி. நேரில் கேட்டோம்: “எருமைக்குக் கருப்பை முறுக்கிக்கொண்டால் என்ன செய்வீங்க தம்பி?”

“முதல்ல உள்ளே கைவிட்டு எந்தப் பக்கம் முறுக்கியிருக்குன்னு பார்ப்பேன் ஐயா. முறுக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே படுக்கவைச்சு, விலாவில் பலகை வைச்சு, அதே பக்கமா உருட்டணும். நாலைந்து ஆள் வேணும். உருட்டியும் பிரியலைன்னா நேரம் கடத்தாம அறுவைக்கு அனுப்பிடுவேன். ஒரு எருமையைத் தாமதமாக் கூப்பிட்டாங்க, காப்பாத்த முடியலை” என்றார்.

செய்தவர் பேச்சு இப்படித்தான் இருக்கும். கயிறு, ஆள், தரை, கைவிட்டுப்போன ஒரு மாடு எல்லாம் அதில் வரும். படித்ததை மட்டும் சொல்பவர் நோயின் பெயரோடு நின்றுவிடுவார். பழைய நிறுவனத்தில் அவரோடு வேலை பார்த்த மேற்பார்வையாளரிடமும், அவர் போய்வந்த இரண்டு மாட்டுக்காரர்களிடமும் விசாரித்தோம். ராத்திரி கூப்பிட்டால் வருவார் என்றார்கள்.

இன்னொரு விண்ணப்பம் முதுநிலைப் பட்டத்தோடு வந்தது. குழுவில் பலருக்கு அதன் மேல்தான் கண். துறையைப் பார்த்தால் கால்நடைத் தீவன இயல். நல்ல படிப்புதான், ஆனால் நாம் கேட்ட அறுவைக்கு அது சான்று ஆகாது. முதுநிலை என்றால் எந்தத் துறை என்று பார்க்காமல் மதிப்பெண் போடாதீர்கள்.

கடைசியில் தம்பியையே எடுத்தோம், நிபந்தனையோடு. பதிவு நிறைவு, கையாளுதல் நிறைவு, அறுவையில் பாதிக் குறை. பெருவயிற்று அறுவையை, பழகிய ஒரு மூத்த மருத்துவரை வரவழைத்து அவரோடு சேர்ந்து மூன்றாவது செய்யும்வரை தனியாகச் செய்யக் கூடாது; அதுவரை அவசர மாடுகளைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்; வண்டிச் செலவில் பாதி குழுவுடையது என்று பணி ஆணையிலேயே எழுதினோம். தம்பியும் படித்துப் பார்த்து, மூத்த மருத்துவர் வரும் நாளை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கையெழுத்திட்டார்.