கேத் லேப் தொலைவில் இருந்தால்...

வால்பாறையில் ஒருவருக்கு இரவு 10 மணிக்கு நெஞ்சுவலி. 11 மணிக்கு எடுத்த இ.சி.ஜி.யில் மாரடைப்பு உறுதியாகிறது என்று வைத்துக்கொள்வோம். அடைபட்ட ரத்தக்குழாயை பலூனால் திறந்து ஸ்டென்ட் வைக்கும் ஆஞ்சியோபிளாஸ்டிதான் சிறந்த சிகிச்சை. ஆனால் அதற்கான கேத் லேப் கோவையில். 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போய்ச்சேர ஏறக்குறைய 3 மணி நேரம்.

இ.சி.ஜி.யில் தெரிந்ததிலிருந்து 120 நிமிடங்களுக்குள் குழாயைத் திறக்க முடியாது என்றால் காத்திருக்கக் கூடாது என்கின்றன மருத்துவ வழிகாட்டுதல்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை 10 நிமிடங்களுக்குள் அங்கேயே போட வேண்டும். டெனெக்டெபிளேஸ் என்றால் எடைக்கேற்ற அளவில் ஒரே ஊசி. வலி தொடங்கி 3 மணி நேரத்துக்குள் போட்டால் நல்ல பலன் தரும். பிறகு கட்டி இறுகிவிடும்.

மூளையில் ரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் சிறிதளவு உண்டு. அதனால் முன்பு மூளையில் ரத்தம் கசிந்தவர்களுக்கும், அண்மையில் பக்கவாதமோ பெரிய அறுவை சிகிச்சையோ கண்டவர்களுக்கும் போடுவதில்லை. அவர்களை நேராக கேத் லேபுக்கே அனுப்ப வேண்டும்.

ஊசி போட்டாயிற்று என்று அங்கேயே படுக்க வைப்பதுதான் பெரிய தவறு. உடனே ஆம்புலன்ஸ் கிளம்ப வேண்டும். ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் மறுபடி எடுக்கும் இ.சி.ஜி.யில், மேலே ஏறியிருந்த எஸ்.டி. கோடு பாதிக்குமேல் இறங்கியிருந்தால் குழாய் திறந்திருக்க வாய்ப்பு அதிகம். 2 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் செய்யலாம். இறங்கவில்லையா, போய்ச் சேர்ந்ததும் ஆஞ்சியோபிளாஸ்டி.

உங்கள் ஊருக்கு அருகே எந்த மருத்துவமனையில் இந்த ஊசி இருக்கிறது என்று இன்றே கேட்டுவையுங்கள்.