வெள்ளைக் குர்தாவும் மாநிற முகமும்

வெள்ளைப் பருத்திக் குர்தா அணிந்த மாநிற இளைஞரை விளம்பரத்துக்குப் படமெடுப்பது புகைப்படக்காரருக்குச் சுலபமான வேலையல்ல. குர்தா பளிச்சென்று வந்தால் முகம் கறுத்துவிடும். முகத்தைச் சரிசெய்தால் துணியின் நெசவு வெளுத்து மறைந்துவிடும்.

வேலை தொடங்குவது உடை மாற்றும் அறையில். முதலில் தோள் தையலைப் பார்ப்பார்கள். அது தோள் எலும்பின் விளிம்பில் உட்கார வேண்டும். கீழே சரிந்தால் அளவு பெரியது. அப்போது முதுகுப்பக்கம் துணியை இழுத்துக் கிளிப் போடுவது வழக்கம். இழுப்பு கூடினால் மார்பில் குறுக்குச் சுருக்கங்கள் விழும், பக்கத் தையலும் பின்னால் போய்விடும். படத்தில் கச்சிதமாகத் தெரிந்த குர்தா வாங்கியவர் உடம்பில் தொளதொளவென்று நிற்பதற்கு இது ஒரு காரணம். மாடலின் அளவுக்கே குர்தா எடுத்துவைப்பதுதான் நேர்மையான வழி.

அடுத்தது நிற்கும் விதம். உடல் எடையை ஒரு காலில் வைத்து, இடுப்பைச் சற்றே திருப்பி, கைகளை உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி நின்றால் பக்கவாட்டு வெட்டு திறந்து, துணி எப்படி விழுகிறது என்பது புரியும். ரேயான் உடம்போடு ஒட்டி வழியும். பருத்தி விலகி நின்று பெரிய மடிப்புகளாக இறங்கும். விளக்கை நேர் எதிரே வைத்தால் இந்த வேறுபாடே தெரியாது. ஒரு பக்கமாக நகர்த்தினால் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு நிழல் கிடைக்கும்.

இனி முகம். கேமராவின் ஒளிமானி, பார்ப்பது எதுவானாலும் அதை நடுத்தரச் சாம்பலாக எடுத்துக்கொண்டே கணக்குப் போடும். சட்டகம் முழுக்க வெள்ளைத் துணி இருந்தால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்து எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். அதனால் முகத்தருகே ஒரு சாம்பல் அட்டையைப் பிடித்து, அதைக் கொண்டு ஒளி அளவையும் வெள்ளைச் சமநிலையையும் நிர்ணயிப்பார்கள். அப்படியும் முகம் மங்கலாக இருந்தால் கன்னத்துக்கு அருகே ஒரு வெள்ளைப் பலகையை நிறுத்தி ஒளியைத் திருப்புவார்கள். குர்தா சிவப்பாக இருந்தால் வேறு சிக்கல்: துணியில் பட்ட ஒளி தாடைக்கடியில் செம்மையாக ஏறும்.

தோல் நிறம் தவறுவதற்குப் பழைய வரலாறும் உண்டு. வண்ணப் படச்சுருள் காலத்தில் ஆய்வகங்கள் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் அனுப்பிய ‘ஷர்லி அட்டை’யில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவர் நிறம் சரியாக வந்தால் போதும் என்றே அச்சு இயந்திரங்களை அமைத்தார்கள். கருநிற முகங்கள் விவரமின்றி அச்சாயின. பல நிறத்தவர் இடம்பெற்ற அட்டை 1990களில்தான் வந்தது.

இன்று அந்தத் தவறு கணினித் திருத்தத்தில் நடக்கிறது. முகத்தை மட்டும் வெளுப்பாக்கினால் கழுத்தும் கையும் காட்டிக்கொடுத்துவிடும். இணையத்தில் குர்தா வாங்குபவர் படத்தைப் பெரிதாக்கி அந்த மூன்றின் நிறத்தையும் ஒப்பிடலாம். முகத்தின் நிறத்தை மாற்றியிருந்தால், துணியின் நிறத்தையும் வேறு படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் வாங்குவது நல்லது.