ஆளை மறிப்பதா, இடத்தை மறிப்பதா

பதினான்கு வயதுக்குட்பட்டோர் கூடைப்பந்துப் போட்டிகளில் அணிகள் பந்தை விட்டதும் ஓடிப்போய் 2-3 சோனில் நிற்பதை அடிக்கடி பார்க்கலாம். முன்னால் இரண்டு பேர், ரிங்குக்குக் கீழே மூன்று பேர். அந்த வயதில் இது நன்றாகவே பலிக்கும். 6.75 மீட்டர் தள்ளியிருக்கும் மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து பந்தை ரிங்குக்குக் கொண்டுசேர்ப்பதே பல பிள்ளைகளுக்குச் சிரமம். ரிங்கடியை அடைத்துவிட்டால் எதிரணிக்கு வேறு வழி இருக்காது.

ஆனால் இப்படி ஜெயித்துப் பழகிய பிள்ளைகள் ப்ளஸ் ஒன் அணிக்கு வரும்போது, டிரிபிள் செய்து நேரே வருகிற ஒருவனைத் தனியாக மறிக்கத் தெரியாமல் நிற்பார்கள். அமெரிக்காவில் என்.பி.ஏ.வும் யு.எஸ்.ஏ. பாஸ்கெட்பாலும் சேர்ந்து வெளியிட்ட இளையோர் வழிகாட்டுதல், 11 வயது வரை சோனே வேண்டாம் என்கிறது. நம் பள்ளிகளில் அப்படி முழுதாகத் தள்ளிவைக்க வேண்டுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. வரிசை மட்டும் மாறக்கூடாது என்பேன்: மேன் டு மேன் முதலில், சோன் பிறகு. ஏனென்றால் மேன் டு மேனில் பந்திலிருந்து தள்ளி நிற்பவன் செய்கிற வேலைதான் சோனில் ஐந்து பேரின் வேலையாக மாறுகிறது. இதைப் போர்டில் வட்டம் போட்டு விளக்கினால் ஏறாது. சின்னச் சின்ன ஆட்டங்களாக ஆடவிட்டால் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

முதல் ஆட்டம் ஒருவருக்கு ஒருவர். கோர்ட்டின் அகலம் 15 மீட்டர். சாக்பீஸால் மூன்று மீட்டர் அகலத்தில் நீளப்பாதைகள் போட்டால் ஐந்து பாதை கிடைக்கும். ஒரே நேரத்தில் ஐந்து ஜோடி ஆடலாம். ஒருவன் எண்ட் லைனிலிருந்து நடுக்கோடு வரை டிரிபிள் செய்து போகவேண்டும். மறிப்பவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளவேண்டும். கை இருந்தால் பையன்கள் பந்தைத் தட்டப் பாய்வார்கள், கால் நின்றுவிடும். டிரிபிள் செய்பவனைத் திசை மாற்றவைத்தால் மறிப்பவனுக்கு ஒரு புள்ளி. அவன் தாண்டிப் போய்விட்டால் மூன்று புள்ளி அவனுக்கு. தாண்டவிடுவதன் விலை பெரிது என்பதால் யாரும் கண்மூடித்தனமாகப் பாயமாட்டார்கள். நீங்கள் பார்க்கவேண்டியது மறிப்பவனின் காலை மட்டும்தான். இரண்டு பாதமும் ஒன்றோடொன்று ஒட்டுகிற நொடியில்தான் தாண்டுதல் நடக்கும். கண் பந்தின் மேல் இருந்தாலும் ஏமாறுவான். இடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். தலையும் தோளும் பொய் சொல்லும், இடுப்பு அவ்வளவாகச் சொல்லாது.

இரண்டாவது ஆட்டம் மூவருக்கு மூவர், அரை கோர்ட்டில், டிரிபிள் இல்லாமல். தாக்குபவர்களில் ஒருவன் மேலே நடுவில், மற்ற இருவர் இரண்டு பக்கமும். பந்து வலப்பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பந்து வைத்திருப்பவனை மறிப்பவன் ஒரு கை தூரத்தில். நடுவில் இருப்பவனை மறிப்பவன், பாஸ் வரும் வழியில் கையை நீட்டியபடி. இடப்பக்கத்து ஆளை மறிப்பவன் மட்டும் தன் ஆளை விட்டு விலகி, ஒரு காலைப் பெயின்ட்டுக்குள் வைத்து நிற்கவேண்டும். விசில் ஊதியதும் எல்லோரும் அப்படியே உறைந்து, ஒரு விரலால் பந்தையும் இன்னொரு விரலால் தன் ஆளையும் காட்டவேண்டும். தலையைத் திருப்பித் தேடினால் எதிரணிக்கு ஒரு புள்ளி.

தூரத்துப் பையனிடம்தான் பாடம் முழுதும் இருக்கிறது. முதலில் தன் ஆளை ஒட்டிக்கொண்டே நிற்பான். வலப்பக்கத்தில் ஒருவன் உடைத்துக்கொண்டு வந்தால் ரிங்கடியில் ஆளிருக்காது. அதைத் திருத்தினால் அடுத்த கோடிக்குப் போய்விடுவான்: பந்தையே பார்த்துக்கொண்டு நிற்பான், அவன் ஆள் முதுகுக்குப் பின்னால் நழுவி ரிங்கடிக்கு வந்து பாஸ் வாங்கிவிடுவான். இரண்டுக்கும் ஒரே மருந்து, பந்தும் ஆளும் ஒருசேரத் தெரிகிற மாதிரி உடம்பைத் திருப்பி நிற்பது. இன்னொன்று, பாஸ் காற்றில் இருக்கும்போதே மூவரும் நகரவேண்டும். பந்து ஒருவன் கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு நகர்ந்தால் தாமதம்தான். இது பிடிபட்ட பிறகு டிரிபிளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது சோனுக்கு வரலாம். அதற்கான ஆட்டத்தில் மறிப்பவர்கள் ஒருவர் குறைவு: தாக்குபவர் மூவர், மறிப்பவர் இருவர். ஆளுக்கு ஒருவன் என்று பிடிக்க முடியாது; இடத்தைப் பங்கிட்டே ஆகவேண்டும். இருவரும் முன்னும் பின்னுமாக நிற்கட்டும். முன்னவன் ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு மேலே பந்தை நிறுத்துகிறான். பின்னவன் ரிங்குக்கு முன்னால். பந்து வலப்பக்கம் பாஸ் ஆகிறது. பின்னவன் வெளியே போய் அதைச் சந்திக்கிறான். அதே நொடியில் முன்னவன் ரிங்கடிக்கு இறங்குகிறான். பந்து அங்கிருந்து இடப்பக்கம் குறுக்கே போனால், இப்போது ரிங்கடியில் இருப்பவன் வெளியே போகிறான். வலப்பக்கம் போனவன் ஓடிவந்து உள்ளே இறங்குகிறான். ஒருவன் பந்துக்கு, ஒருவன் ரிங்குக்கு. எந்தப் பாஸுக்கும் இந்த விதி மாறாது.

லே-அப் விழுந்தால் தாக்குபவர்களுக்கு இரண்டு புள்ளி. பந்தை வெளியிலிருந்தே எறியவைத்தால், விழுந்தாலும் விழாவிட்டாலும், மறிப்பவர்களுக்கு ஒன்று. சில பிள்ளைகளுக்கு இது அநியாயமாகப் படும், “சார், பாஸ்கெட் விழுந்துச்சே!” என்பார்கள். விழட்டும். சோனின் பேரமே அதுதான்: கிட்டத்துப் பந்தை மறுத்து, தூரத்துப் பந்தைக் கொடுப்பது.

இது பழகியதும் நால்வருக்கு மூவர், பிறகு ஐவருக்கு நால்வர் என்று ஏற்றுங்கள். நால்வருக்கு மூவரில் நான்காவது ஆளை ஃப்ரீ த்ரோ கோட்டின் நடுவில் நிறுத்துங்கள். 2-3 சோனின் பெரிய ஓட்டை அங்கேதான். முன்னால் இருப்பவன் பின்னால் இருப்பவன் பிடிப்பான் என்றும், பின்னால் இருப்பவன் முன்னால் இருப்பவன் பிடிப்பான் என்றும் நினைக்க, அந்த ஆள் சும்மா நின்று பந்து வாங்குவான். யார் போகவேண்டும் என்பதில் பயிற்சியாளர்கள் ஒத்துப்போவதில்லை. பின்வரிசையின் நடுவில் இருப்பவன் மேலேறலாம், முன்வரிசையில் பந்துக்குத் தள்ளி இருப்பவன் கீழிறங்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டாவது எளிது, ரிங்கடி காலியாகாது. எதை எடுத்தாலும் சீசன் முடியும்வரை மாற்றாதீர்கள். மறிப்பவர்கள் சத்தம் போடாமல் இந்த ஆட்டத்தை ஆட முடியாது. “பந்து என்னுது!”, “நடுவுல ஆளு!” என்று குரல் கேட்கவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள்.

சோனில் கடைசியாகக் கசிவது ரீபவுண்ட். மேன் டு மேனில் ஷாட் போனதும் யாரைத் தடுத்து நிற்கவேண்டும் என்பது தெரியும்; சோனில் யாருக்கும் ஆளில்லை என்பதால் ஐந்து பேரும் மேலே பந்தைப் பார்த்து நிற்பார்கள். அதனால் சோன் ஆட்டங்களில் ஒரு விதியைக் கூட்டுங்கள்: ஷாட் எழுந்ததும் மறிப்பவர்கள் ஒவ்வொருவரும் கிட்டத்தில் இருக்கும் எதிரி ஒருவனைத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திய பிறகே பந்துக்குப் போகவேண்டும். ஒருவன் மறந்தாலும் தாக்குபவர்களுக்கு ஒரு புள்ளி.

மேட்சில் சோனை எப்போது கைவிடுவது என்பதும் இந்த ஆட்டங்களிலேயே தெரிந்துவிடும். வெளியிலிருந்து நம்பிக்கையாகப் போடுகிற ஒருவன் எதிரணியில் இருந்து, அடுத்தடுத்து இரண்டு மூன்று உள்ளே போனால், டைம் அவுட் கேட்டு மேன் டு மேனுக்கு மாறுங்கள். இரண்டாவது ஆட்டத்தில் தூரத்துக் கடமையைச் சரியாகச் செய்தவனை அவனுக்குப் போடவேண்டாம். அவன் ரிங்கடிக்குத் தேவை. சாக்பீஸ் பாதையில் காலை ஒட்டவிடாமல் ஆடிய பையனை அனுப்புங்கள்.