ஒரே மாத்திரை, கடைக்கொரு விலை

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இரண்டு சிறு ஊர்களின் மருந்துக்கடை விலைகளைப் பொருளியலாளர் ஆலன் சோரன்சன் ஒப்பிட்டார். 2000இல் வெளிவந்த அவரது ஆய்வின்படி, ஒரே ஊரில் ஒரே மருந்து கடைக்குக் கடை வேறு விலைக்கு விற்றது. எல்லா மருந்துக்கும் ஒரே கடை மலிவாக இருக்கவில்லை. எனவே கடையின் வசதியோ வாடகையோ மட்டும் இதற்குக் காரணமாக முடியாது.

காரணம், விலை விசாரிக்க ஆகும் அலைச்சல். இன்னொரு கடையில் 5 டாலர் குறையும் என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சலுக்கு ஒருமுறை மட்டும் மருந்து வாங்குபவர் அதற்காக அலைய மாட்டார். மாதாமாதம் ரத்த அழுத்த மாத்திரை வாங்குபவருக்கோ ஆண்டுக்கு 60 டாலர் மிச்சம், அவர் விசாரிப்பார். சோரன்சன் கண்டதும் இதுவே: தொடர்ந்து வாங்கும் மருந்துகளில் விலை வேறுபாடும் கடைக்காரரின் லாபமும் குறைவு.

விசாரிப்பவர், விசாரிக்காதவர் என இரு வகையினரும் இருக்கும்வரை இரண்டு வியாபாரமும் நடக்கும். ஒரு கடை விலையைக் குறைத்துப் பலருக்கு விற்கும். இன்னொன்று கூட்டிச் சிலருக்கு விற்கும்.